ஹாஸ்டலா, பி.ஜி.யா, தினமும் ரயிலா: மீளும் ஒரு மணி நேரத்தின் விலை

கல்லூரி வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருந்தால் பேச்சே இல்லை, வீட்டிலிருந்து போய்வரலாம். இருநூறு கிலோமீட்டர் என்றாலும் பேச்சில்லை, தங்கித்தான் ஆக வேண்டும். முப்பதிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள் மாட்டிக்கொள்கிறவர்களுக்குத்தான் திண்டாட்டம். போய்வரவும் முடியும், தங்கவும் முடியும். வீட்டில் ஒருவர் "வீட்டுச் சாப்பாடு மாதிரி வருமா" என்பார், இன்னொருவர் "நாலு மணி நேரம் ரயிலிலேயே போனா பிள்ளை எப்பப் படிக்கும்" என்பார். இரண்டும் சரியான கேள்விகள்தான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் கடைசியில் ஹாஸ்டல் கட்டணத்தையும் பஸ் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் பாதிதான் இருக்கிறது.

நான் பரிந்துரைப்பது வேறொரு கணக்கு. தங்குவதால் கூடுதலாக ஆகும் பணத்தை, தங்குவதால் உண்மையில் மீளும் படிப்பு நேரத்தால் வகுத்துப் பாருங்கள். மீளும் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ரூபாய் கொடுக்கிறோம் என்பது தெரிந்துவிடும். அந்த எண் வந்த பிறகு பேசினால் சண்டை குறையும். பாதுகாப்பு இந்த வகுத்தலுக்குள் அடங்காது. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும், கீழே பார்க்கிறேன்.

முதலில் நேரத்தை எப்படி அளப்பது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தப்பு அங்கேதான் தொடங்குகிறது. "ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான்" என்பார்கள். அது ரயில் ஓடும் நேரம். வீட்டு வாசலில் செருப்பு மாட்டுவதிலிருந்து வகுப்பில் உட்காரும் வரை ஆகும் நேரமே பயண நேரம். அதற்குள் வண்டியை ஸ்டாண்டில் விடுவது, படியேறி நடைமேடைக்குப் போவது, ரயிலுக்குக் காத்திருப்பது, இறங்கிய பின் பஸ்ஸோ நடையோ எல்லாம் அடக்கம். சேர்வதற்கு முன்பே ஒரு வேலை நாளில், திங்கட்கிழமையாக இருந்தால் இன்னும் நல்லது, கல்லூரி தொடங்கும் நேரத்துக்கே ஒருமுறை போய்ப் பாருங்கள். திரும்புவதும் கல்லூரி விடும் நேரத்துக்கே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காரில் போய் அளந்த நேரம் எதற்கும் உதவாது. கல்லூரி பஸ் என்றால் உங்கள் ஸ்டேஜில் ஏற்றும் நேரத்தைக் கேளுங்கள். வழியெல்லாம் ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் முதல் ஸ்டேஜ் பிள்ளைக்கும் கடைசி ஸ்டேஜ் பிள்ளைக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இருக்கும். கட்டணத்திலோ அந்த அளவுக்கு வித்தியாசம் இருக்காது.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். செங்கல்பட்டு ரயில் நிலையத்திலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி வீடு. கிண்டிப் பக்கம் ஒரு கல்லூரி, இளநிலைப் படிப்பு. காலை ஒன்பதிலிருந்து நாலேகால் வரை வகுப்பு. படிப்பது பெண் பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். ரூபாய்த் தொகைகள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர்த் தொகையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து நிலையம் 20 நிமிடம், காத்திருப்பு 15, புறநகர் ரயில் 75, கிண்டியிலிருந்து கல்லூரிக்குள் 25. மொத்தம் இரண்டேகால் மணி. போக வர நாலரை மணி நேரம். மாதம் 22 வேலை நாள் என்றால் 99 மணி நேரம். பார்த்தவுடன் மலைப்பாக இருக்கும். ஆனால் ஹாஸ்டலிலோ பி.ஜி.யிலோ சேர்ந்தால் இந்த 99 மணியும் திரும்பி வந்துவிடும் என்று நினைப்பதுதான் இரண்டாவது தப்பு.

கழிக்க வேண்டியவற்றைக் கழிப்போம். செங்கல்பட்டிலேயே புறப்படும் ரயிலில் காலையில் உட்கார இடம் கிடைக்கும். கூடுவாஞ்சேரி தாண்டியதும் நெரிசல் ஏறினாலும் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். 75 நிமிடத்தில் 45 நிமிடமாவது குறிப்பு படிக்கலாம், சூத்திரம் மனப்பாடம் செய்யலாம். மாதத்துக்கு 16 மணி நேரம் வருகிறது. மாலையில் ஐந்து மணிக்குக் கிண்டியில் ஏறுகிறவருக்குத் தாம்பரம் வரை நிற்கத்தான் இடம். அதற்குப் பிறகு இடம் கிடைத்தாலும் தலை சாயத்தான் தோன்றும். எனவே மாலைக்குப் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பயணத்தில் படிக்கலாம் என்பது பாதி உண்மை, காலைப் பாதி. அதுவும் முதல் நிலையத்தில் ஏறுகிறவருக்குத்தான். சிங்கப்பெருமாள்கோயிலிலோ மறைமலைநகரிலோ ஏறினால் ஓரளவு கிடைக்கலாம். இன்னும் உள்ளே வர வர அது கையை விட்டுப் போய்விடும். படிப்பிலும் எல்லாம் நடக்காது. வாசிக்கலாம், திருப்பிப் பார்க்கலாம், ஆனால் கணக்குப் போடவோ வரைபடம் வரையவோ ஆடும் பெட்டியில் முடியாது.

பி.ஜி. பக்கம் என்ன கழிகிறது? கல்லூரிக்குப் போக அரை மணி, வர அரை மணி ஆகும் ஒரு பி.ஜி. என்றால் மாதம் 22 மணி நேரம் அங்கேயே போயிற்று. துணி துவைப்பது, குளியலறைக்குக் காத்திருப்பது, தண்ணீர் கேன் தூக்குவது, மாத்திரை முதல் சோப்பு வரை தானே வாங்குவது எல்லாம் வீட்டில் அம்மாவோ அப்பாவோ பார்த்துக்கொண்டிருந்த வேலைகள். இவற்றுக்கு மாதம் 20 மணி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்தால் அதற்கு 9 மணி. ஆக, 99-இலிருந்து 22, 20, 16, 9 எல்லாம் போக மீதி 32 மணி நேரம். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. நாலரை மணி நேரம் மிச்சமாகும் என்று நினைத்துப் பணம் கட்டுகிறோம், கையில் வருவது இவ்வளவுதான்.

வளாகத்துக்குள்ளேயே இருக்கும் ஹாஸ்டலுக்கு அதே கணக்கைப் போடுங்கள். நடை நேரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். சொந்த வேலைகளுக்கு 15 மணி, ரயில் வாசிப்பு 16, வீட்டுக்கு வந்துபோக 9. மீதி 59 மணி நேரம். பி.ஜி.யைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இப்போது பணம். ஆண்டில் வகுப்பும் தேர்வுமாக ஒன்பது மாதம் என்று கொள்வோம். வீட்டிலிருந்து போய்வர ஷேர் ஆட்டோ, டீ, எப்போதாவது வெளியில் சாப்பாடு எல்லாம் சேர்த்து மாதம் 1,500, ஆண்டுக்கு 13,500. இதில் ரயில் செலவு ஏன் இல்லை என்று கேட்கலாம். வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே போய்வர, பட்டப்படிப்பு வரை மாணவிகளுக்கு இரண்டாம் வகுப்பு மாதாந்திரச் சீசன் டிக்கெட்டை ரயில்வே இலவசமாகவே தருகிறது. மாணவர்களுக்கு இந்த இலவசம் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, கல்லூரியில் சலுகைக் கட்டணம்தான். கல்லூரி அலுவலகத்தில் முத்திரை வாங்கிய படிவம் வேண்டும் என்பதால் முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பஸ் என்றால், 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இந்த இரண்டையும் தெரிந்துகொள்ளாமலே பயணச் செலவைப் பெரிதாகப் போட்டுக் கணக்குப் பார்க்கிற வீடுகள் உண்டு.

பி.ஜி. சாப்பாட்டோடு மாதம் 8,500. இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. வகுப்பு ஒன்பது மாதம்தான், ஆனால் விடுமுறையில் கட்டிலை விட்டுக்கொடுத்தால் ஜூனில் அது கிடைக்காது. அதனால் பதினொரு மாத வாடகை கட்டுவதாகத்தான் முடிகிறது. 93,500. மின்சாரம், துவைப்பு, மாலைப் பசிக்கு ஏதாவது என்று மாதம் 1,500 வீதம் 13,500. மொத்தம் 1,07,000. வீட்டில் அந்தப் பிள்ளைக்கான சாப்பாட்டுச் செலவு மாதம் 2,000 மிச்சம் என்றால் 18,000 கழியுங்கள், பயணச் செலவு 13,500-ஐயும் கழியுங்கள். கூடுதல் செலவு 75,500. மீளும் நேரம் 32 பெருக்கல் 9, அதாவது 288 மணி. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 262 ரூபாய்.

ஹாஸ்டல் அறை, மெஸ், பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கைச்செலவு 13,500 சேர்த்து, அதே 18,000-ஐயும் 13,500-ஐயும் கழித்தால் 82,000. மீளும் நேரம் 531 மணி. ஒரு மணி நேரத்துக்கு 154 ரூபாய். கட்டும் பணத்தில் ஹாஸ்டலும் பி.ஜி.யும் ஏறக்குறைய ஒன்றுதான், ஹாஸ்டல் கொஞ்சம் அதிகமும்கூட. ஆனால் கிடைக்கும் நேரத்தில் ஒன்றுக்கு இரண்டு. அந்த வித்தியாசத்தைத் தீர்மானிப்பது பி.ஜி.யிலிருந்து கல்லூரிக்கு ஆகும் அந்த அரை மணி நேரம்தான். மாதம் ஆயிரம் ரூபாய் குறைகிறது என்று கல்லூரியிலிருந்து தள்ளிப் போய் பி.ஜி. பிடிப்பது பெரும்பாலும் நஷ்டம். நடந்து போகும் தூரத்தில் கிடைத்தால் மட்டும் பி.ஜி. எடுங்கள், இல்லாவிட்டால் வீட்டிலிருந்தே போய்வாருங்கள் என்றுதான் இந்த மாதிரித் தூரத்தில் நான் சொல்வேன்.

தனியார் இடங்களுக்குப் பணம் கட்டும் முன் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகளின் கல்லூரி விடுதிகளில் தங்கவும் சாப்பிடவும் கட்டணம் இல்லை. 2025-இல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். வருமான வரம்பு உண்டு. பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு, ஆனால் அந்தத் தூர விதி மாணவிகளுக்குப் பொருந்தாது. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இவர்களுக்கு மேலே போட்ட கணக்கே மாறிவிடும்.

ஹாஸ்டல் கணக்கில் பலரும் கவனிக்காத இடம் மெஸ் பில். நிறைய கல்லூரிகளில் டிவைடிங் முறை. மாதம் முழுக்க மெஸ்ஸுக்கு ஆன செலவை எல்லா மாணவர்களின் மொத்தச் சாப்பாட்டு நாட்களால் வகுத்து ஒரு நாள் விகிதம் போடுவார்கள். உங்கள் நாட்களை அதோடு பெருக்கினால் உங்கள் பில். நியாயமான முறைதான். சிக்கல் "உங்கள் நாட்கள்" என்பதில் இருக்கிறது. மெஸ் குறைப்பு வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், தொடர்ந்து இத்தனை நாளாவது ஊரில் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள் அதற்குள் வராது. செங்கல்பட்டுப் பிள்ளை வாராவாரம் வீட்டுக்கு ஓடி வருகிறவளாக இருந்தால் மாதம் எட்டு நாள் சாப்பிடாத சாப்பாட்டுக்குப் பணம் போகும். ஒரு நாள் விகிதம் 120 என்றால் பில் 3,600. சாப்பிட்டது 22 நாள். உண்மையான விகிதம் 164 ரூபாய். எனவே சேரும்போதே கேளுங்கள்: மெஸ் டிவைடிங்கா, நிலையான கட்டணமா? குறைப்புக்குக் குறைந்தது எத்தனை நாள்? யாரிடம், எத்தனை நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும்? தேர்வுக்கு முந்தைய படிப்பு விடுமுறையில் மெஸ் நடக்குமா? கடைசிக் கேள்வி முக்கியம். படிப்பு விடுமுறையில் மெஸ்ஸை மூடிவிடும் ஹாஸ்டலாக இருந்தால், ஆண்டின் மிக முக்கியமான நாட்களில் ஹாஸ்டல் மாணவிக்கும் டே ஸ்காலருக்கும் வித்தியாசமே இல்லாமல் போய்விடும்.

மீளும் நேரம் படிக்கும் நேரமாக மாறுகிறதா என்பது அடுத்த கேள்வி. இதற்கு ஹாஸ்டலில் பார்க்க வேண்டியவை கேட் மூடும் நேரமும் நூலகம் மூடும் நேரமும். நூலகம் எட்டு மணி வரை, மாணவியர் விடுதிக் கேட் ஆறரைக்கு என்று இருந்தால் அந்த நூலகம் விடுதி மாணவிக்கு இல்லை என்றுதான் அர்த்தம். அப்படியானால் விடுதிக்குள் படிப்பு அறை இருக்கிறதா, இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று பாருங்கள். நாலு பேர் இருக்கும் அறையில் ஒருத்தி போனில் பேச, ஒருத்தி தூங்க, ஒருத்தி சாப்பிட, நாலாவது ஆள் படிப்பது நடக்காத காரியம். படிப்பு அறை இல்லாத ஹாஸ்டலுக்கு மேலே போட்ட 59 மணியில் பாதியைத் தாராளமாக வெட்டிவிடலாம்.

பி.ஜி.யில் இது இன்னும் மோசம். பார்க்கப் போகிறவர்கள் கட்டில், ஏ.சி., வைஃபை பார்ப்பார்கள், மேசையைப் பார்க்க மாட்டார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் நாலு பேர் ஷேரிங் என்றால் கட்டில்களும் பீரோவும் போட்ட பிறகு மேசைக்கு இடமே இருக்காது. கட்டிலில் கால் மடக்கி உட்கார்ந்து, மடியில் புத்தகத்தோடு படிக்க வேண்டும். அரை மணியில் முதுகு வலிக்கும், முக்கால் மணியில் படுக்கத் தோன்றும். ஒருவருக்கு ஒரு மேசை இல்லாவிட்டாலும் அறைக்கு ஒன்றாவது, அதற்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட்டோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் வேலைக்குப் போகிறவர்கள் இரவு தூங்குவதற்காக அமைத்தது, மாணவிக்கானது அல்ல. பல பி.ஜி.க்களில் பெரும்பாலோர் ஐ.டி. ஊழியர்கள். இரவு ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குவார்கள், இரவு பத்துக்குச் சமைப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்கு அது ஒத்துவராது. அறையில் இன்னும் யார் யார், படிக்கிறவர்களா வேலைக்குப் போகிறவர்களா என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

பி.ஜி.யைப் பார்க்கப் போக வேண்டிய நேரம் வேலை நாளில் காலை ஏழரை மணி. மாலையில் போனால் எல்லாம் காலியாக, சுத்தமாக இருக்கும். காலையில்தான் உண்மை தெரியும். ஒரு குளியலறைக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். எட்டுப் பேருக்கு ஒன்று, ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்றால் கடைசி ஆள் வெளியே வர ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஒன்பது மணி வகுப்புக்குப் போகிறவள் ஆறரைக்கே வரிசையில் இருக்க வேண்டும். அப்படியானால் வீட்டிலிருந்து ஆறே முக்காலுக்குக் கிளம்புகிற டே ஸ்காலரைவிட அவள் என்ன பெரிதாகத் தூங்கிவிட்டாள்? குழாயைத் திறந்து பாருங்கள். மாடித் தளத்தில் தண்ணீர் அழுத்தம் எப்படி, லாரித் தண்ணீரா என்று கேளுங்கள். காலை டிபன் எத்தனை மணிக்குத் தயாராகிறது என்று பாருங்கள். எட்டரைக்கு டிபன் வைக்கும் இடத்தில் மாணவி தினமும் வெறும் வயிற்றோடு கிளம்புவாள், சாப்பாட்டுப் பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

பணம் கொடுக்கும்போது, அட்வான்ஸ் எவ்வளவு, காலி செய்யும்போது அதில் எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்ஆப் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை. "ஒரு மாத நோட்டீஸ்" என்பதற்குச் சில இடங்களில் எந்தத் தேதியிலிருந்தும் முப்பது நாள் என்று பொருள், சில இடங்களில் ஒன்றாம் தேதிதான் சொல்ல வேண்டும். ஐந்தாம் தேதி சொன்னால் இரண்டு மாத வாடகை போய்விடும். செமஸ்டர் முடிவதை ஒட்டிக் காலி செய்கிற மாணவிகள் இதில்தான் அதிகம் இழக்கிறார்கள். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் என்றால் சேரும் நாளில் ரீடிங்கைப் போட்டோ எடுத்துவையுங்கள், யூனிட்டுக்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். ஜி.எஸ்.டி. என்று தனியாகக் கேட்டால், ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாளாவது தங்குகிற வாடகைக்கு 2024 ஜூலை முதல் விலக்கு இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள்.

பாதுகாப்பில் பெற்றோர் முதலில் கேட்பது கேமராவும் வாட்ச்மேனும். நான் முதலில் பார்க்கச் சொல்வது இரவில் அந்தக் கட்டடத்திலிருந்து எப்படி வெளியேறுவது என்பதை. பெண்கள் விடுதி என்பதற்காகவே படிக்கட்டில் கிரில் கதவு போட்டு, இரவு பூட்டி, சாவியைக் கீழே வார்டன் அறையில் வைத்திருப்பார்கள். திருடனைத் தடுக்கும் அதே பூட்டு, தீ பிடித்தால் உள்ளே இருப்பவர்களையும் தடுக்கும். 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு தனியார் பெண்கள் விடுதியில் அதிகாலையில் தீப்பிடித்து உயிர்கள் போயின. எனவே இரவு சாவி யாரிடம், உள்ளிருந்து திறக்க முடியுமா, இரண்டாவது படிக்கட்டு உண்டா, சமையல் சிலிண்டர் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பிளக்கில் நீட்டிப்புப் பெட்டி போட்டு அதிலிருந்து இன்னொன்று இழுத்து, கெட்டில், இஸ்திரிப் பெட்டி, நாலு சார்ஜர் தொங்கினால் அந்த அறை வேண்டாம். மொட்டைமாடியில் தகரமோ ஷீட்டோ போட்டுக் கட்டிய அறையும் வேண்டாம்.

பெண்களுக்கான விடுதிகளுக்கு 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள் மற்றும் குழந்தைகள் விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் பதிவும் உரிமமும் வேண்டும். பி.ஜி. என்று பெயர்ப்பலகை வைத்திருந்தாலும் "உரிமம் இருக்கிறதா, பார்க்கலாமா" என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டாம். இருப்பவர் காட்டுவார். "அப்ளை பண்ணியிருக்கோம்" என்பவரிடம் விண்ணப்ப எண்ணையாவது கேளுங்கள். கல்லூரி ஹாஸ்டலில் இருக்கும் தனிக் கவலை ராகிங். முதலாண்டு மாணவர்களுக்குத் தனித் தளமோ தனிக் கட்டடமோ இருக்கிறதா, இரவில் அந்தத் தளத்திலேயே வார்டன் தங்குகிறாரா என்று பாருங்கள். யு.ஜி.சி.யின் ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. பிள்ளையின் போனிலும் பெற்றோர் போனிலும் சேமித்துவையுங்கள்.

தினப் பயணத்தில் ஆபத்து ரயிலுக்குள் இருப்பதைவிட அதன் இரண்டு நுனிகளிலும்தான் அதிகம். நம் கணக்குப் பிள்ளை ஆறரை, ஏழு மணிக்கு வீடு திரும்புகிறாள். ஜூலையில் அது வெளிச்சம், டிசம்பரில் இருட்டு. ஒரு ரயிலைத் தவறவிட்டால் ஏழரை. தாம்பரத்தைத் தாண்டிச் செங்கல்பட்டு வரை வரும் வண்டிகள் தாம்பரத்தோடு நிற்பவற்றைவிடக் குறைவு என்பதால், ஒன்றைத் தவறவிட்டால் காத்திருப்பு நீளும். பராமரிப்புப் பணியென்று ரயில்களை ரத்து செய்யும் நாட்களில் இன்னும் தாமதமாகும். நிலையத்திலிருந்து வீட்டுக்கு அந்த நாலு கிலோமீட்டரை ஏழரைக்கு எப்படிக் கடப்பாள் என்பதற்குப் பதில் இருந்தால்தான் தினப் பயணம் சரி. பதில் "அப்பா வந்து கூட்டிக்கொள்வார்" என்றால், அப்பாவின் வேலை நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"ஒரு ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்துவிட்டால் போகிறது" என்பது பரவலான தீர்வு. முதலாண்டில் சேரும்போது பல பிள்ளைகளுக்குப் பதினேழு வயதுதான். வழக்கமான 110 சி.சி. ஸ்கூட்டருக்குப் பதினெட்டு நிறைந்து உரிமம் வாங்க வேண்டும். அதற்கு முன் ஓட்டிப் பிடிபட்டால், 2019 திருத்தத்தின்படி வழக்கு பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர் மேல் வரும். 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. விபத்தென்றால் இழப்பீட்டுத் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் உரிமையாளரிடமே திருப்பிக் கேட்கலாம். பதினெட்டு நிறையும் வரை ஷேர் ஆட்டோவோ மினி பஸ்ஸோதான்.

ரயிலுக்குள் மகளிர் பெட்டி நெரிசல் நேரத்தில் நல்லது. பகல் பதினொரு மணிக்கோ இரவு எட்டரைக்கோ அது கிட்டத்தட்ட காலியாக இருந்தால், காலிப் பெட்டியைவிடக் கூட்டமுள்ள பொதுப் பெட்டி மேல். நகரும் ரயிலில் ஓடி ஏறுவதும் படியில் நிற்பதும் எந்த வகுப்புக்கும் தகாது. உதவிக்கு ரயிலில் 139, வெளியே 112, பெண்களுக்கு 181.

இதையெல்லாம் பார்த்த பிறகு செங்கல்பட்டுப் பிள்ளைக்கு என்ன சொல்வது? வளாக ஹாஸ்டலில் இடம் கிடைத்து, படிப்பு அறையும் இருந்தால், ஒரு மணி நேரத்துக்கு 154 ரூபாய் கொடுக்க வீட்டால் முடியும் என்றால் ஹாஸ்டல். கிடைக்காவிட்டால் அரை மணி தூரத்துப் பி.ஜி.க்கு 262 கொடுப்பதைவிட முதலாண்டில் ரயிலே போதும். முதலாண்டுப் பாடங்களுக்கு வகுப்புக்குப் பின் கல்லூரியில் தங்க வேண்டிய தேவை குறைவு. மூன்றாம், நான்காம் ஆண்டில் புராஜெக்ட், வளாகத் தேர்வுப் பயிற்சி, மாலை ஏழு வரை ஆய்வகம் என்று வரும்போது கணக்கு தலைகீழாகும். அப்போது ரயிலைப் பிடிக்க மாலை ஐந்து மணிக்கே எழுந்து ஓடுகிறவள் இழப்பது வெறும் படிப்பு நேரம் அல்ல, கூட்டு வேலையில் அவளுக்கான பங்கு. அந்த ஒரு செமஸ்டருக்கு நடந்து போகும் தூரத்தில் ஐந்து மாதம் மட்டும் பி.ஜி. எடுக்கலாம். ஆண்டுக் கட்டணம் கேட்கும் ஹாஸ்டலில் அது முடியாது, மாத வாடகை பி.ஜி.யின் பெரிய வசதியே அதுதான். விடுமுறை வாடகையும் இல்லை என்பதால் ஒரு மணி நேரத்தின் விலையும் இறங்கும்.

எந்த முடிவானாலும் முதல் இன்டர்னல் தேர்வு முடிந்ததும் ஒரு தடவை பரிசோதியுங்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்க்க வேண்டாம். வருகைப் பதிவில் முதல் பீரியட் எத்தனை நாள் போயிருக்கிறது என்று பாருங்கள். பல கல்லூரிகளில் 75 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது, போய்வருகிறவர்களுக்கு ஓட்டை விழுவது எப்போதும் முதல் பீரியடில்தான். வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் முதல் பீரியட் போகிறது என்றாலோ, இரவு சாப்பிட்டதும் புத்தகத்தைத் திறக்காமலே தூங்கிவிடுகிறாள் என்றாலோ, தினப் பயணம் அந்த உடம்புக்கு ஒத்துவரவில்லை. தங்கியிருப்பவள் என்றால், மாலை ஏழிலிருந்து பத்து வரை எங்கே உட்கார்ந்து படிக்கிறாய் என்று கேளுங்கள். "எங்கேயாவது" என்று பதில் வந்தால் அடுத்த மாத வாடகை கட்டும் முன் வேறு இடம் பார்க்கத் தொடங்குங்கள்.